நன்றி சொல்லித் தொடங்கிய மின்னஞ்சல்

தோற்றுப்போன செய்தியை ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான், ஏன் தோற்றோம் என்று கேட்பதற்கு நாகையா உட்கார்ந்தார். முறை தலைகீழாகிவிட்டது. அது அப்போது அவருக்குத் தெரியவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்குக் காரணம் கேட்கப் பொறுமை ஏது? காரணத்தை அவனே செய்துகொள்கிறான்.

மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஒரு கணினி, சுவரோரம் அடுக்கிய தரை கழுவும் மருந்து டின்கள். துப்புரவு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற சின்ன கம்பெனி. அதில் பெரிய வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஊரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனை. மாரியாயியும் அவளோடு உள்ள பெண்களும் அங்கே வார்டு வார்டாகப் பெருக்கித் துடைத்துப் பல வருஷம் ஆகிறது. இந்த முறை மருத்துவமனை அந்த வேலையைத் திறந்த டெண்டருக்கு விட்டது. நாகையாவும் போட்டார். கிடைக்கவில்லை. "உங்கள் டெண்டர் தேர்வாகவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கீழே கொள்முதல் பிரிவு அதிகாரியின் பெயர்: மார்க்கிரட் சீவரத்தினம்.

அந்த யாழ்ப்பாணத்துப் பெயரைப் பார்த்ததும் நாகையாவுக்குப் பற்றிக்கொண்டது. அன்றைக்கே கோயில் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்: "நம்ம மொழி பேசுற அம்மா ஒருத்தங்க அந்த நாற்காலியில உக்காந்திருந்தும் நமக்கு வேலை இல்ல. சிலோன்காரங்க எப்பவும் இப்படித்தான். ரப்பர் தோட்டத்துல இருந்து வந்தவன் அவங்க கண்ணுக்கு ஆளாத் தெரியமாட்டான்."

குழுவில் பலர் கைகூப்பும் படம் போட்டார்கள். சிலர் நெருப்புப் படம் போட்டார்கள். நாகையாவுக்கு அது மருந்து தடவியதுபோல இருந்தது. மறுநாள் மாரியாயியிடமும் அதையே சொன்னார். அவள் மற்றப் பெண்களிடம் சொன்னாள்.

ஆனால் மருந்து தடவிய இடத்தில் வலி போகவில்லை. மாதக் கடைசியோடு பழைய காண்ட்ராக்ட் முடிகிறது. அந்தப் பெண்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதே மருத்துவமனைக்காரர்கள் பூச்சோங்கில் தாதியர் விடுதி ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். அதைத் துப்புரவு செய்யவும் டெண்டர் வரப்போகிறது என்று பேச்சு. அது கிடைத்தால் மாரியாயி கூட்டத்தை அப்படியே அங்கே மாற்றிவிடலாம். எதனால் தோற்றோம் என்று தெரியாமல் போட்டால், அதனாலேயே மறுபடியும் தோற்க வேண்டியதுதான்.

ஆகவே சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினார். எழுதி முடித்து மனைவியைக் கூப்பிட்டார்.

புஷ்பவல்லி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. பெற்றோர் எழுதுகிற புகார்க் கடிதங்களைப் படித்துப் படித்தே தலை நரைத்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"என்னங்க இது?"

"ஏன்? இங்கிலீஷ் தப்பா?"

"இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு. 'இத்தனை வருஷம் உழைச்ச கம்பெனிய எந்த அடிப்படையில ஒதுக்கினீங்க, உடனே விளக்கம் தரணும்'னு இருக்கு. நீங்க கேள்வி கேக்கல, கேஸ் போடுறீங்க."

"கேக்க உரிமை இல்லையா எனக்கு?"

"உரிமை இருக்கு. பதில் வேணுமா, உரிமை வேணுமா?"

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க ஸ்கூலுக்கு வர்ற லெட்டர்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, 'என் புள்ளைக்கு ஏன் மார்க் குறைச்சீங்க?' அதைப் பாத்ததும் டீச்சர் பேப்பரை மூடி வச்சிட்டு, தன்னைக் காப்பாத்திக்க என்ன எழுதலாம்னு பாப்பாங்க. இன்னொண்ணு, 'எந்தப் பாடத்துல கவனம் வைக்கணும்னு சொன்னா உதவியா இருக்கும்.' இதுக்கு அந்த டீச்சரே ரிசஸ் நேரத்துல போன் அடிச்சுப் பேசுவாங்க. புள்ள ஒண்ணுதான், மார்க் ஒண்ணுதான்."

"அந்தம்மா போன் அடிக்கிற ஆளு இல்ல லா."

"அடிக்காட்டி போகுது. நம்ம கை சுத்தமா இருக்கும்ல?"

முழு மனசோடு இல்லாவிட்டாலும் நாகையா எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். தலைப்பில் டெண்டர் எண்ணையும் வேலையின் பெயரையும் போட்டு, 'கருத்துக் கேட்டு ஒரு வேண்டுகோள்' என்று சேர்த்தார். கொள்முதல் பிரிவில் எத்தனையோ டெண்டர் இருக்கும், எதைப்பற்றிக் கேட்கிறோம் என்று தேட வைக்கக்கூடாது என்றாள் புஷ்பவல்லி. முதல் வரி நன்றி: பங்கெடுக்க வாய்ப்புக் கொடுத்ததற்கும் முடிவைத் தெரிவித்ததற்கும். அடுத்த வரியில் அவருடைய விரல் நின்றுபோனது.

"முடிவை மதிக்கிறோம்னு போடுங்க. அப்பீல் பண்ணலன்னு தெளிவா சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் அவங்க பயமில்லாமப் பேசுவாங்க."

"மதிக்கலையே நான்."

"மதிக்கிற மாதிரி எழுதுங்க. மனசு பின்னாடி வரும். ஜெயிச்சவங்களுக்கும் ஒரு வாழ்த்து."

"அதுவுமா?"

"அதுவுந்தான்."

பிறகு கேள்விகள். வென்றவரின் விலை என்ன என்று கேட்டிருந்தார். அதை எடுக்கச் சொன்னாள். சொல்லக்கூடாத ஒன்றைக் கேட்டால் சொல்லக்கூடியதும் வராமல் போகும். அதற்குப் பதிலாக, எங்கள் டெண்டரில் குறைவாக இருந்தது எது: வேலைத் திட்டமா, விலையா, இணைத்த பத்திரங்களா? அடுத்த முறை நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது என்ன? அவ்வளவுதான். "எழுத நேரமில்லாவிட்டால் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னாலும் போதும், நேரில் வரச் சொன்னாலும் வருகிறோம். மாதக் கடைசி வரை எங்கள் வேலை எந்தக் குறையுமில்லாமல் நடக்கும்" என்று முடித்தார். அந்தக் கடைசி வரி மட்டும் அவருடைய சொந்த வரி. புஷ்பவல்லி அதைப் படித்துவிட்டு அவர் தோளைத் தட்டினாள்.

அனுப்பினார். அனுப்பிய பிறகு ஏதோ நல்ல காரியம் செய்தவர்போலக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கோயில் குழுவில் எழுதியது அவர் நினைவுக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மார்க்கிரட்டே எழுதியிருந்தாள். மின்னஞ்சலுக்கு நன்றி, நேரில் பேசுவது நல்லது, நாளை காலை வசதிப்படுமா? உங்களிடம் திருப்பித் தரவேண்டிய ஒன்றும் இருக்கிறது.

"பாத்தீங்களா!" என்றாள் புஷ்பவல்லி.

"என்ன திருப்பித் தரணும்? மானத்தையா?" என்றார் நாகையா. ஆனாலும் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார்.

மருத்துவமனையின் நிர்வாக மாடியில் மாரியாயி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மோப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"பாஸ், அவங்களப் பாக்கவா போறீங்க? நல்லா நாலு வார்த்த கேளுங்க. நாங்க யாரும் இப்ப அந்தம்மாவுக்கு வணக்கம் சொல்றதில்ல. மேசையக்கூட நான் தொடைக்கல. தூசியிலயே உக்காரட்டும்."

நாகையா சிரித்துவிட்டு உள்ளே போனார். பின்னால் பலநாள் அந்தச் சிரிப்பை நினைத்து அவருக்குக் காது சுட்டது.

மார்க்கிரட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் கிள்ளானுக்கு வந்து போகிறவள். எழுந்து நின்று வரவேற்றாள். மேசை மேல் மெல்லிய தூசி படிந்திருந்ததை நாகையா பார்த்தார். அதில் அவள் கை வைத்து எழுதிய இடம் மட்டும் துலக்கமாக இருந்தது.

"உங்க மெயில் நல்ல மெயில், மிஸ்டர் நாகையா," என்றாள். "தோத்தவங்க எழுதுறது எனக்கு நெறைய வரும். முக்கால்வாசி பேரு என்னைத் திட்டத்தான் எழுதுவாங்க. சரி, மத்தவங்க விலைய நான் சொல்ல முடியாது. அவங்க மார்க்கையும் சொல்ல முடியாது. உங்க டெண்டரைப் பத்தி மட்டும் பேசலாம். ஓகேயா?"

"ஓகே மேடம். எங்க விலை கூடிப்போச்சா?"

"தெரியாது."

"வேலைத் திட்டம் சரியில்லையா?"

"அதுவும் தெரியாது. நாங்க பிரிக்கவே இல்ல."

இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. நடுவில் அச்சடித்த டெண்டர் எண். நான்கு மூலையிலும் மஞ்சள். மஞ்சளின் நடுவில் குங்குமம். கொஞ்சம் உலர்ந்து உதிர்ந்திருந்தாலும் சிவப்பு மங்கவில்லை.

நாகையாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டெண்டர் போட்ட நாள் காலையில் கோயிலுக்குப் போய், உறையைத் தட்டில் வைத்து, அம்மன் பாதத்தில் வைத்துத் தரச்சொல்லி குருக்களிடம் நீட்டியவர் அவரேதான். புது வேன் வாங்கினாலும், புதுக் கணக்குப் புத்தகம் போட்டாலும் செய்கிறதுதானே! குருக்கள் மந்திரம் சொல்லி மூலைக்கு மூலை பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நாகையா கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே போய் டெண்டர் பெட்டியில் போட்டார்.

"டெண்டருக்கு முந்தின விளக்கக் கூட்டத்துல சொன்னோம்ல," என்றாள் மார்க்கிரட் மெதுவாக. "வெளி உறையில டெண்டர் நம்பர் மட்டும்தான். பேரு, முத்திரை, வேற எந்த அடையாளமும் கூடாது. இருந்தா பிரிக்காம ஒதுக்கி வச்சிருவோம்."

"சொன்னீங்க மேடம். நான் எழுதிக்கூட வச்சேன். ஆனா... இது சாமி பொட்டு. கம்பெனி பேரு இல்லையே."

"எனக்குத் தெரியுதுண்ணே." மிஸ்டர் போய் அண்ணன் ஆனதை இருவருமே கவனிக்கவில்லை. "பெட்டியத் திறக்கறப்போ மூணு பேர் இருந்தோம். ஒருத்தர் இதைப் பாத்துட்டு, யாரோ கறி சிந்திட்டாங்கன்னாரு. இன்னொருத்தர் சிரிச்சிட்டு அடுத்த உறைய எடுத்தாரு. எனக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு. கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டதுல தமிழ் கம்பெனி உங்களது ஒண்ணுதான். இந்த உறை யாருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, தெரியாதவ மாதிரி எப்படி மார்க் போடுறது?"

"கறின்னு அப்படியே விட்டிருந்தா?"

"விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க." அவள் சிலுவையைத் தொட்டுக்கொண்டாள். "எனக்குப் பெட்டிச் சாவியக் குடுத்து வச்சிருக்காங்கண்ணே. நீங்க அம்மன் பேரச் சொல்லி வச்ச பொட்ட நான் கறின்னு சொல்லி உள்ள விடணும். அது உங்க சாமிக்கும் மரியாத இல்ல, எங்க சாமிக்கும் மரியாத இல்ல. அதனால நானே சொன்னேன், இது அடையாளம்தான்னு. சொல்லிட்டு அன்னிக்குப் பூரா எனக்குச் சாப்பாடு இறங்கல."

ஆக, அவர் ஊருக்கெல்லாம் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். அவருடைய உறையைத் தள்ளியது அந்த அம்மாதான். தள்ளிய காரணம்தான் வேறு. பொய்யில் பாதி உண்மை கலந்திருந்தால் அது எவ்வளவு கசக்கும் என்று நாகையா அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டார். தலையைக் குனிந்தார். குனிந்தவருக்கு மேசையின் தூசிதான் தெரிந்தது.

"கருத்துன்னு கேட்டீங்க. இவ்வளவுதான் கருத்து," என்றாள் அவள். "திறக்காத டெண்டர நல்லதுன்னோ கெட்டதுன்னோ சொல்ல எனக்குத் தெரியல. பூச்சோங் விடுதிக்கு விளம்பரம் வரும். எல்லாரையும் போல நீங்களும் போடுங்க. சாமிய வீட்டுலயே கும்பிட்டுட்டு வாங்க."

அவர் எழுந்திருக்கப் போனார். அவள் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"இன்னொண்ணு, அண்ணே. சொல்லாம இருக்கலாம்னுதான் நினைச்சேன். என் அண்ணி உங்க கோயிலுக்குப் பக்கத்துலதான் குடியிருக்காங்க. திங்கக்கிழமை காலையில எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. யாரோ அவங்களுக்கு அனுப்பினது, உங்க பேரோட. 'சிலோன்காரங்க எப்பவும் இப்படித்தான்'னு."

நாகையாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நல்ல சட்டை போட்டு வந்தது இன்னும் வெட்கமாக இருந்தது.

"ஆபீஸ் வந்து கம்ப்யூட்டர் திறந்தா உங்க மெயில். ரெண்டையும் ஒரே காலையில படிச்சேன்."

"படிச்சிட்டும்... எனக்குப் பதில் போட்டீங்களா மேடம்?"

"ஒரு நாள் யோசிச்சேன். மெசேஜ் நீங்க ஊருக்கு எழுதினது. மெயில் எனக்கு எழுதினது. எனக்கு எழுதினதுக்குத்தானே நான் பதில் சொல்லணும்?"

அந்த மின்னஞ்சலை நல்லதாக்கியது தன் மனசு இல்லை, புஷ்பவல்லிதான் என்ற சொல் அவர் நாக்கு வரை வந்தது. மதிக்கிற மாதிரி எழுதினால் மனசு பின்னால் வரும் என்று அவள் சொன்னாள். வந்தது. வந்த மனசு தலைகுனிந்துகொண்டு வந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. கோவத்துல..."

"எனக்குக் கோவமில்லண்ணே. எங்க வீட்டுலயும் உங்க ஆளுங்களப் பத்தி இப்படிப் பேசுற பெருசுங்க உண்டு. சின்ன வயசுல கேட்டு நானும் சிரிச்சிருக்கேன்." கதவு வரை கூடவே வந்தாள். "எங்கிட்ட மன்னிப்பு கேக்கறது சுலபம். படிச்சவங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்ட சொல்லிருங்க."

வெளியே மாரியாயி காத்துக்கொண்டிருந்தாள். "என்ன பாஸ், கேட்டீங்களா நாலு வார்த்த?"

நாகையா கையிலிருந்த உறையைக் காட்டினார். அந்த நடைபாதையிலேயே, நோயாளிகளின் உறவினர் போகவர, நடந்ததை அப்படியே சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எழுதப்படிக்கத் தெரிந்து, விதியைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டு, அதே கையால் உறையை நீட்டிய கதை. மாரியாயி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்தம்மா மேல தப்பில்லையா?"

"இல்ல. தப்பு என்னது. உங்ககிட்ட அவங்களப் பத்திச் சொன்னதும் தப்பு."

"ஐயோ பாஸ், நேத்து அவங்க குட்மார்னிங் சொன்னாங்க. நான் முகத்தத் திருப்பிக்கிட்டேனே!" என்றாள் அவள். அவள் கண் கலங்கியது அவரைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது. தன் வாயிலிருந்து போன வார்த்தை, ஒன்றும் அறியாத இன்னொருத்தியையும் பாவத்தில் இழுத்துவிட்டது.

திட்டினாளா என்றால், பிறகு திட்டவும் செய்தாள். "எங்க பொழப்ப ஒரு பொட்டுல போக்கிட்டீங்களே பாஸ்," என்றாள். நாகையா வாங்கிக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, கைபேசியை எடுத்து, கோயில் குழுவைத் திறந்தார். கீழே மாலைக் கடையில் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சலை எழுதியதைவிட இதை எழுத அவருக்கு அதிக நேரம் பிடித்தது. மூன்று முறை அழித்தார். "தகவல் பிழை காரணமாக" என்று ஒரு தடவை எழுதினார். புஷ்பவல்லி பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்து அதையும் அழித்தார்.

கடைசியில் இப்படி எழுதினார்: "போன வாரம் ஆஸ்பத்திரி டெண்டர் பத்தி நான் எழுதினது பொய். உறைமேல அடையாளம் வைக்கக்கூடாதுங்கிற விதிய மீறினது நான். அந்த அதிகாரி நேர்மையாத்தான் நடந்தாங்க. அவங்களையும் அவங்க ஆளுங்களையும் நான் பேசினது பெரிய தப்பு. யார் யாருக்கு அதை அனுப்பினீங்களோ, அவங்களுக்கு இதையும் அனுப்புங்க."

அனுப்பிவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அது மேசையில் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. எடுத்துப் பார்த்தார்.

"என்னண்ணே, அந்தம்மா வேற வேல தர்றேன்னு சொல்லிட்டாங்களா?" என்று அய்யாவு கேட்டிருந்தார். அய்யாவு எப்போதும் அப்படித்தான். கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. சிரிக்கும் படங்கள் நிறைய வந்தன. போன வாரம் நெருப்பு போட்டவர்களில் பலர் ஒன்றும் போடவில்லை. ஒருவர், "அப்ப அம்மன் பொட்டுதான் காரணம்ங்கிறீங்களா? சாமிய குத்தம் சொல்லாதீங்க" என்று எழுதினார்.

நாகையா அதற்கு மட்டும் பதில் எழுதினார். "சாமி மேல குத்தமில்ல. கும்பிட்டா விதி எனக்கு இல்லன்னு நினைச்சேன். அந்த நினைப்புத்தான் குத்தம்."

வீட்டுக்குப் போய்ப் புஷ்பவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், "அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பூச்சோங் விடுதிக்கு விளம்பரம் இன்னும் வரவில்லை. வந்தாலும் கிடைக்குமென்று யார் சொல்ல முடியும்? அந்த நம்பிக்கையைக் காட்டி அவர்களை வேலையில்லாமல் உட்கார வைப்பது இன்னொரு பொய். மறுநாள் காலை அவர் செய்த காரியம், தொழிலில் யாரும் செய்யாதது. டெண்டரை வென்ற கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். வாழ்த்துச் சொல்லித்தான் தொடங்கினார். இந்த முறை விரல் நிற்கவில்லை. அந்த மருத்துவமனையின் ஒவ்வொரு வார்டையும் அறிந்த பெண்கள் என்னிடம் இருக்கிறார்கள், மாதக் கடைசியில் என் வேலை முடிகிறது, உங்களுக்கு ஆள் தேவைப்பட்டால் இவர்களை விசாரித்துப் பாருங்கள் என்று எழுதி, ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக நற்சான்று எழுதி இணைத்தார். யார் அறுவைச் சிகிச்சை அறையைச் சுத்தம் செய்யப் பயிற்சி பெற்றவள், யார் விடிகாலை ஷிப்டுக்கும் தவறாமல் வருவாள் என்றெல்லாம் நினைத்து நினைத்து எழுதினார். இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் அவர்களிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கம்பெனி சீனருடையது. முதலாளியே கூப்பிட்டார். "உங்க ஆளுங்கள எனக்குத் தர்றீங்களா? ஏன்?" என்று மலாயில் கேட்டார். சந்தேகம் குரலில் தெரிந்தது.

"அவங்க நல்ல வேலைக்காரங்க, பாஸ். நான் தோத்ததுக்கு அவங்க ஏன் தோக்கணும்?"

"சரி, திங்கள் அனுப்புங்க. நான் பேசிப் பாக்குறேன்," என்றார்.

எல்லாரையும் எடுக்கவில்லை. வயதான இருவரை வேண்டாமென்றார். அவர்களை நாகையா தன் சின்னச் சின்ன வேலைகளில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் அடுத்த மாதத்திலிருந்து அதே வார்டுகளில், வேறு நிறச் சட்டையில் தொடர்வதென்று முடிவானது.

மாதக் கடைசி நாள், சாமான்களை எடுத்துவர நாகையா மருத்துவமனைக்குப் போனார். இனி இந்த மாடிக்கு வரமாட்டோம் என்ற எண்ணம் நடையைத் தளர்த்தியது. நிர்வாக மாடியில் மார்க்கிரட்டின் அறைக்கதவு திறந்திருந்தது. அவள் ரயிலில் வருகிறவள், இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே மாரியாயி குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த மேசையைத்தான் மறுபடியும் துடைத்தாள்.

"போதும் மாரியாயி, பாலிஷ் போயிரும்," என்றார் நாகையா.

"நீங்க சும்மா இருங்க பாஸ். அன்னிக்கு மறுநாளே நான் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீ வணக்கம் சொல்லாதப்பதான் நீ தெனமும் சொல்லிக்கிட்டிருந்தது எனக்குத் தெரிஞ்சிச்சு'ன்னாங்க." துணியை மடித்துப் பிழிந்தாள். "விடுதி டெண்டர் போடுவீங்கதானே?"

"போடுவேன்."

"கெடைச்சா கூப்பிடுவீங்களா?"

"இங்க நல்லா இருந்தா இங்கயே இரு. எனக்காக வராதே."

"வர்றதும் வராததும் எங்க இஷ்டம் லா," என்றாள் மாரியாயி.

லிப்ட் திறந்தது. மார்க்கிரட் கைப்பையும் குடையுமாக வந்தாள். நாகையாவுக்கு ஒருகணம் பின்னால் நகர்ந்து தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கத் தோன்றியது. இன்னும் அவருக்கு அந்த முகத்தை நேரே பார்க்கிற துணிவு வரவில்லை. ஆனாலும் நின்றார். வெட்கத்தோடேயே, நின்ற இடத்திலேயே கைகூப்பினார்.

"வணக்கம்மா."

"வணக்கம்ண்ணே," என்றாள் அவள், குடையை இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கைகூப்பியபடி. "ரயில் லேட். சாப்பிட்டீங்களா?"